டீச்சரோட கவர் லெட்டரும் ஒரு மடக்கைக் கணக்கும்

எனக்கு ப்ளஸ் டூவுல கணக்கு எடுத்த டீச்சர் ரிட்டயர் ஆயிட்டாங்க. கோபி பக்கம், கொடிவேரியில இருந்து வர்ற தடப்பள்ளி வாய்க்கால் பாயற ஊரு, வீட்டுக்குப் பின்னாடியே நெல்லு வயல், ரெண்டு மாடு. பென்ஷன் வருது, பசங்க ரெண்டு பேரும் செட்டில் ஆயிட்டாங்க, ஆனா கணக்குச் சொல்லிக் குடுக்காம அவங்களால இருக்க முடியல. ஆன்லைன்ல ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பசங்களுக்கு டியூஷன் எடுக்கவும், கேள்வி பதில் மெட்டீரியலைச் சரிபாக்கவும் ஆள் வேணும்னு ஒரு கம்பெனி விளம்பரம் போட்டிருந்ததைப் பாத்துட்டு என்னைக் கூப்பிட்டாங்க. நான் வேற ஒரு இடத்துல இதே கன்டென்ட் ரிவ்யூ வேலையை வீட்டுல இருந்தே பாக்கறேன், வேலைக்கு வர்ற விண்ணப்பங்களையும் படிக்கறவன். "ஏங்கண்ணு, ஒரு லெட்டர் எழுதி வச்சிருக்கறேன், பாத்துச் சொல்றியா"ன்னாங்க. அந்த ஒரு லெட்டரைப் பத்திதான் இந்தப் பதிவு முழுக்க, ஏன்னா ரிட்டயர்டு ஆசிரியர்கள் அனுப்பற பத்து லெட்டர்ல எட்டு லெட்டர் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் வருது, நல்ல ஆளுங்க அந்த லெட்டராலயே கழிஞ்சு போறாங்க, எனக்கு அது ரொம்ப மனசுக்குக் கஷ்டமா இருக்குதுங்க.

டீச்சர் எழுதி வச்சிருந்தது பயோடேட்டாவும் லீவ் லெட்டரும் கலந்த ஒரு வடிவம். அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா, அப்பறம் அப்பா பேரு, பிறந்த தேதி, எம்.எஸ்ஸி., பி.எட்., 33 வருஷ சர்வீஸ், எந்தெந்த ஊர்ல எத்தனை வருஷம், தொடர்ந்து நூறு சதவீதத் தேர்ச்சி, நல்லாசிரியர்னு ஊர்க்காரங்க பாராட்டுனது, கடைசியில தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன், மேலே சொன்னதெல்லாம் உண்மை. எல்லாமே உண்மைதான். ஆனா அதைப் படிக்கிற கம்பெனிக்காரருக்கு ஒரே ஒரு சந்தேகம் இருக்கும், இந்தம்மா கையில நாளைக்கு ஒரு ஃபைல் குடுத்தா அதுல இருக்கற தப்பைக் கண்டுபிடிச்சு, எழுதினவனுக்குப் புரியற மாதிரி எழுதித் தருவாங்களா, ஸ்க்ரீனுக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கற பையனுக்கு எங்க இடறுதுன்னு இவங்களுக்குத் தெரியுமா. அந்தச் சந்தேகத்துக்கு இந்த லெட்டர்ல எங்கயும் பதில் இல்லை. நூறு சதவீதத் தேர்ச்சிங்கறது பள்ளிக்கூடத்தோட ரிசல்ட், அதுல டீச்சரோட பங்கு எவ்வளவுன்னு வெளியில இருந்து படிக்கறவரால பிரிச்சுப் பாக்க முடியாது, அதுவும் போக எல்லா லெட்டர்லயும் அந்த வரி இருக்குது.

ஆனா அந்த லெட்டரோட நடுவுல, ஊர்ப் பட்டியலுக்குக் கீழ, பத்தோட பதினொண்ணா ஒரு வரி கெடந்துச்சு: "பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் பணியிலும் ஈடுபட்டுள்ளேன்." எந்தப் பொறுப்புலன்னு கேட்டேன். "மொதல்ல ஏ.ஈ.தான், அப்பறம் எஸ்.ஓ., கடைசி சில வருஷம் சி.ஈ. அதென்ன கண்ணு, சீனியாரிட்டி வந்தா எல்லாருக்கும் போடறதுதான"ன்னு சாதாரணமா சொன்னாங்க. எனக்கு அந்த எடத்துலயே லெட்டர் கெடைச்சிருச்சு.

திருத்தும் முகாம் பத்தித் தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்றேன். ப்ளஸ் டூ பேப்பரு ஒரு ஆளோட கண்ணுல மட்டும் பட்டு மார்க் ஆகறதில்லை. உதவித் தேர்வாளர், அதாவது ஏ.ஈ., விடைத்தாளைத் திருத்துவாங்க. அவங்க திருத்தினதைக் கூர்ந்தாய்வு அலுவலர், எஸ்.ஓ.ன்னு சொல்றது, வாங்கிப் பாப்பாங்க: திருத்தாம விட்ட விடை ஏதும் இருக்குதா, உள்ள போட்ட மார்க்கும் முகப்புப் பக்கத்துல ஏத்தின மார்க்கும் ஒண்ணா, கூட்டல் சரியா. அதுக்கும் மேல முதன்மைத் தேர்வாளர், சி.ஈ., தன் டீம் ஒரே மாதிரி திருத்துதான்னு பாத்துக்கோணும். எல்லாருக்கும் கையில ஒரே விடைக்குறிப்பு. கணக்குல அந்தக் கீயில இருக்கற வழியிலயே பையன் போட்டிருக்கோணும்னு இல்லை, வேற சரியான வழியில போட்டிருந்தா முழு மார்க் குடுக்கோணும், அப்ப அந்த வழி நெசமாவே சரியான வழியா, இல்லை தப்பா போயி தற்செயலா சரியான விடை வந்திருச்சான்னு நிமிஷத்துல முடிவு பண்ணோணும். பாதியில தப்புப் பண்ணிட்டு மீதியை ஒழுங்கா போட்டவனுக்கு எந்தப் படி வரைக்கும் மார்க்குன்னும் முடிவு பண்ணோணும். கன்டென்ட் ரிவ்யூன்னு நாங்க சம்பளம் வாங்கிட்டுச் செய்யற வேலை அச்சு அசலா இதுதாங்க. ஒருத்தர் எழுதின தீர்வை இன்னொருத்தர் சரிபாத்திருப்பாரு, அதை மூணாவது ஆளு பாக்கோணும், ஒரு ஸ்டாண்டர்டுக்குள்ள நிக்கோணும். டீச்சர் அதை வருஷா வருஷம் வெயில் காலத்துல, மே மாச ரிசல்ட்டுக்காக செஞ்சிருக்காங்க, ஆனா அதை வேலையாவே நினைக்கலை.

அதனால அந்த வரியை எடுத்து லெட்டரோட ரெண்டாவது பத்திக்குக் கொண்டு வந்தோம், என்ன பொறுப்பு, அந்தப் பொறுப்புல என்ன செய்வாங்கன்னு ரெண்டு வரி. அதுக்கு மேல விவரம் வேண்டாம்னு நான் சொன்னேன். எந்த முகாம், எந்த வருஷப் பேப்பர்ல என்ன நடந்துச்சு, எந்தக் கேள்விக்குக் கீயை மாத்துனாங்க, இதெல்லாம் ரகசியமா நடக்கற வேலை, லெட்டர்ல எழுதறது தப்பு. ஒருத்தர் ஒருக்கா பையனோட விடைத்தாளைப் போட்டோ புடிச்சு சாம்பிள்னு அனுப்பியிருந்தாரு, அந்த விண்ணப்பத்தை அங்கயே மூடி வைக்க வேண்டியதாப் போச்சு. டீச்சர் அந்த விஷயத்துல நம்மளை விடக் கறார், "அதெல்லாம் வாயே தொறக்கக் கூடாது"ன்னுட்டாங்க.

சரி, பொறுப்பைச் சொல்லியாச்சு. திறமையைக் காட்டறது எப்படி? இங்கதான் நெறைய பேரு "நுணுக்கமாகப் பிழை காணும் திறன் உடையவள்"னு எழுதிட்டு நகர்ந்துருவாங்க. அந்த வரி எதையும் நிரூபிக்காது. அதுக்குப் பதிலா ஒரே ஒரு கேள்வியை எடுத்து, அதை ரிவ்யூ பண்ணி, ஒரு பக்கமா லெட்டரோட சேத்து அனுப்பலாம்னேன். டீச்சர்கிட்ட பழைய மெட்டீரியல் ஒண்ணு இருந்துச்சு, அதுல தப்பான கணக்கு ஒண்ணை அவங்க ரொம்ப நாளா ஞாபகம் வச்சிருந்தாங்க. அதையே அப்படியே எடுத்தா அடுத்தவங்க மெட்டீரியல் ஆயிரும், அதனால அதே தப்பு வர்ற மாதிரி எண்களை மாத்தி அவங்களே ஒண்ணு எழுதுனாங்க. ப்ளஸ் ஒன் மடக்கைப் பாடம், நம்ம பசங்க லாக்குன்னு சொல்றது.

கேள்வி இதுதான்:

log₂ x + log₂ (x − 2) = 3 எனில் x = ?

(அ) 4, −2  (ஆ) 6  (இ) 10  (ஈ) 12

குடுத்திருந்த தீர்வு: ரெண்டு லாக்கையும் சேத்தா log₂ [x(x − 2)] = 3, அப்ப x² − 2x = 2³ = 8, அப்ப x² − 2x − 8 = 0, (x − 4)(x + 2) = 0, x = 4 அல்லது −2. விடை (அ).

இதுல ஒவ்வொரு படியும் பாத்தா ஒழுங்காத்தான் இருக்குது. கூட்டல் தப்பில்லை, காரணிப்படுத்தினது தப்பில்லை. அவசரமா பாக்கற ரிவ்யூவர் டிக் அடிச்சுட்டுப் போயிருவாரு. ஆனா −2-ஐ மேல இருக்கற கேள்வியில போட்டா log₂ (−2) வருது, மைனஸ் எண்ணுக்கு மெய்யெண்கள்ல லாக் கெடையாது. கேள்வியில x-ம் பாசிட்டிவா இருக்கோணும், x − 2-ம் பாசிட்டிவா இருக்கோணும், அப்ப x > 2. ரெண்டு லாக்கை ஒண்ணாச் சேத்த அந்த நிமிஷத்துல அந்த நிபந்தனை கைநழுவிப் போயிருச்சு, ஏன்னா x-ம் x − 2-ம் ரெண்டுமே மைனஸா இருந்தாலும் பெருக்கினா பாசிட்டிவ் ஆயிருமே. அதனால −2 கழிஞ்சிரும், 4 மட்டும்தான் விடை. 4-ஐப் போட்டுப் பாத்தா log₂ 4 = 2, log₂ 2 = 1, கூட்டினா 3, சரியா வருது.

டீச்சர் மொதல்ல எழுதின ரிவ்யூ குறிப்பு: "விடை தவறு. −2 வராது." இது நம்ம பள்ளிக்கூட சிவப்பு மைப் பழக்கம். பையன் எந்திரிச்சு வந்து ஏன் டீச்சர்னு கேப்பான், அப்ப சொல்லிக்கலாம். ஆன்லைன் கன்டென்ட்ல அந்த எழுத்தாளர் வேற ஊர்ல இருப்பாரு, நம்மளைப் பாக்கவே மாட்டாரு, அந்தக் குறிப்பை மட்டும் வச்சு அவர் திருத்தோணும். அதுவும் இல்லாம "−2 வராது"ன்னு மட்டும் சொன்னா அவர் (அ)-வுல இருந்து −2-ஐ அழிச்சுட்டு 4, 6, 10, 12-ன்னு விட்டுட்டுப் போயிருவாரு. தீர்வுல அந்த ஓட்டை அப்படியே இருக்கும், படிக்கிற பையன் 4 மட்டும் ஏன்னு தெரியாம முழிப்பான்.

ரெண்டாவது தடவை டீச்சர் எழுதினது இது, அப்படியே தர்றேன்:

"காரணிப்படுத்திய படிக்குப் பின், x = −2 கேள்வியைப் பூர்த்தி செய்யவில்லை; log₂ (−2) வரையறுக்கப்படாதது. தீர்வின் முதல் வரியாக 'x > 0, x − 2 > 0, எனவே x > 2' எனச் சேர்க்கவும். கடைசி வரியை 'x > 2 என்பதால் x = −2 பொருந்தாது, x = 4' என மாற்றவும். விருப்பம் (அ)-வும் '4' என மாற வேண்டும். தவறான விடை மாணவருக்குச் செல்வதால் இது கிரிட்டிகல்."

எங்க தப்பு, ஏன் தப்பு, எதை எப்படி மாத்தோணும், எவ்வளவு அவசரம். இந்த நாலும் ஒரு குறிப்புல இருந்துட்டா எழுத்தாளர் திரும்பக் கேள்வி கேக்க வேண்டியதில்லை. கம்பெனிகள்ல பெரும்பாலும் கிரிட்டிகல், மேஜர், மைனர்னு பிரிச்சுத்தான் வேலை ஓடும், விடையே தப்புன்னா கிரிட்டிகல், எழுத்துப்பிழை மைனர். எல்லாத்தையும் ஒரே சிவப்புல போட்டுக் குடுத்தா அதை வாங்கறவருக்கு எதை மொதல்ல பாக்கறதுன்னு தெரியாது.

இதோட நிறுத்தியிருந்தாலே நல்ல சாம்பிள்தான். ஆனா டீச்சர் நிறுத்தலை. பேப்பரைத் திருப்பி வச்சுட்டு, "அதுசரி கண்ணு, இந்த 6, 10, 12-ஐ எந்தப் பையன் எழுதப் போறான்?"னு கேட்டாங்க. எனக்கு ஒரு நிமிஷம் புரியலை. அவங்க சொன்னாங்க, இத்தனை வருஷம் பேப்பர் திருத்தினதுல இந்தக் கணக்குக்கு 12-ன்னு விடை எழுதின பையனை நான் பாத்ததே இல்லை, ஆனா 5-ன்னு எழுதுவான், 3-ன்னு எழுதுவான்.

5 எப்படி வருது? லாக்கைக் கூட்டறப்ப உள்ள இருக்கறதைப் பெருக்கோணும், அதை மறந்துட்டு உள்ளயும் கூட்டிருவான். log₂ (x + x − 2) = 3, அப்ப 2x − 2 = 8, x = 5. 3 எப்படி வருது? பெருக்கறதைச் சரியா செஞ்சுருவான், ஆனா லாக்கை எடுக்கறப்ப வலது பக்கத்துல 2³ போடறதுக்குப் பதிலா அந்த 3-ஐயே விட்டுருவான். x² − 2x = 3, (x − 3)(x + 1) = 0, −1-ஐ ஒழுங்கா கழிச்சுருவான், 3-ன்னு எழுதுவான். "அந்தப் பையனுக்கு நிபந்தனை தெரியும், அடிமானம் தெரியாது. மொதல் பையனுக்கு விதியே தெரியாது. ரெண்டு பேருக்கும் வேற வேற மருந்து"ன்னாங்க.

அதனால புது ஆப்ஷன்: (அ) 5  (ஆ) 4  (இ) 4, −2  (ஈ) 3. விடை (ஆ). இப்ப பையன் எதைத் தொட்டாலும் அவன் எங்க இடறினான்னு தெரிஞ்சுரும், (இ)-யைத் தொட்டவனுக்கு நிபந்தனை, (அ)-வைத் தொட்டவனுக்கு விதி, (ஈ)-யைத் தொட்டவனுக்கு அடிமானம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி ஃபீட்பேக்கும் எழுதிக் குடுத்தாங்க. நம்ம ப்ளஸ் டூ கணக்குல 90 மார்க்ல 20 மார்க் ஒரு மார்க் கேள்விதான், நாலு ஆப்ஷன்ல ஒண்ணு எடுக்கறது, அதனால பயிற்சி மெட்டீரியல்ல ஆப்ஷன் உருப்படியா இருக்கறது பசங்களுக்கு நேரடியா உதவற விஷயம். சரியான விடையைக் கண்டுபிடிக்கறதுக்கு எம்.எஸ்ஸி. போதும். தப்பான விடையை இப்படிச் சரியா சொல்றதுக்கு ஆயிரக்கணக்கான பசங்களோட பேப்பர் கை வழியா போயிருக்கோணும். ரிட்டயர்டு ஆசிரியர்கிட்ட மட்டும் இருக்கற சரக்கு அதுதான்னு நான் நெனைக்கறேன், லெட்டர்ல அதைக் கட்டாயம் காட்டியே ஆகோணும்.

டியூஷன் பக்கம் வேற மாதிரி சிக்கல். விளம்பரத்துல "டியூஷன் அனுபவம் அவசியம்"னு போட்டிருந்தாங்க. டீச்சருக்கு அது கவலை. அரசுப் பள்ளி ஆசிரியர் சர்வீஸ்ல இருக்கையில தனியா டியூஷன் எடுக்கக் கூடாது, 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட 28-வது பிரிவே அதைச் சொல்லுது, டீச்சர் எடுத்ததும் இல்லை. சில பேரு இந்த எடத்துல "20 வருட டியூஷன் அனுபவம்"னு போட்டுருவாங்க, அரசு சர்வீஸ் தேதியும் அதே பக்கத்துல இருக்கும், படிக்கறவருக்கு ரெண்டுல ஒண்ணு பொய்னு தெரிஞ்சுரும். டீச்சர் டியூஷன் எடுக்கலைன்னு நேரா எழுதி, அதுக்குப் பதிலா செஞ்சதை எழுதச் சொன்னேன். பள்ளிக்கூடத்துலயே பொழுதோட வெக்கிற சிறப்பு வகுப்பு, அதுல ஃபெயிலாகற நெலைமையில இருக்கற பத்துப் பதினஞ்சு பசங்களைத் தனியா உக்கார வச்சது, அதெல்லாம் டியூஷன் மாதிரியே சின்னக் குழு வேலைதான்.

இன்னொண்ணு அவங்க சொல்லவே இல்லை, நான் தெரிஞ்சதால கேட்டேன். சர்வீஸ் ஆரம்பத்துல தாளவாடி மலையில இருந்தாங்க. சத்தியமங்கலத்துல இருந்து திம்பத்தோட 27 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போகோணும், அங்க நெறையப் பசங்க வீட்டுல பேசறது கன்னடம். தமிழ் மீடியம் கணக்கை அவங்களுக்கு எப்படி எடுத்தீங்கன்னு கேட்டா, "சொல்லால சொன்னா ஏறாது கண்ணு, போர்டுல ஒரு படி எழுதுவேன், அடுத்த படியை அவனை எழுத வெப்பேன், எங்க நிக்கிறானோ அங்கதான் பேசுவேன்"ன்னாங்க. ஆன்லைன் ஒன் டு ஒன் கிளாஸுக்கு இதை விட நல்ல முறை எனக்குத் தெரியலைங்க, அங்க பையன் முகம் பாதி நேரம் தெரியாது, கேமராவை ஆஃப் பண்ணி வச்சிருப்பான், அவன் எழுதற படிதான் அவன் முகம். அந்த வரி அப்படியே லெட்டருக்குப் போச்சு.

அப்பறம் சாதன விஷயம். கணக்கு டியூட்டருக்கு மைக்கை விட முக்கியம் பேனா டேப்லட், மவுஸ்ல யாரும் இன்டெக்ரல் எழுத முடியாது. டீச்சரோட மருமகன் ஒண்ணு வாங்கிக் குடுத்திருந்தாரு, பழகிட்டு இருந்தாங்க. ஊர்ல கரண்ட் போனா என்ன ஆகும்னு கம்பெனி கேக்கறதுக்கு முன்னாடியே எழுதிரோணும்: மோடத்துக்கும் லேப்டாப்புக்கும் இன்வெர்டர் இருக்குது, ஃபைபர் போனா போன் டேட்டாவுக்கு மாறிக்கலாம். நேரம் சொல்றப்ப "எந்நேரமும் தயார்"னு எழுதவே கூடாது, ஷெட்யூல் போடறவங்களுக்கு அது உதவாது. டீச்சர் வெடியால நாலரைக்கெல்லாம் எந்திரிச்சு மாட்டு வேலை பாக்கறவங்க, பால் சொசைட்டிக்குப் போற நேரம் போக எந்த நேரம் ஃப்ரீன்னு மணி போட்டு எழுதச் சொன்னேன். வளைகுடாவுல இருக்கற நம்ம ஊருப் பசங்களுக்கு எடுக்கறதா இருந்தா துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னாடி, அங்க சாயங்காலம் ஆறுன்னா இங்க ஏழரை, அது அவங்களுக்குத் தோதா இருந்துச்சு.

தேதியில ஒரு சின்ன நுணுக்கம். அவங்களுக்கு 60 முடிஞ்சது கல்வியாண்டு நடுவுல, ஆனா வருஷக் கடைசி வரைக்கும் மறுநியமனத்துல பாடம் எடுத்தாங்க. சர்டிபிகேட்ல ஒரு தேதி, கடைசி கிளாஸ் வேற தேதி. வெளி மாநில ஹெச்ஆர் ஆளுக்கு இது குழப்பம், அதனால ஒரு வரியில விளக்கிட்டோம்.

கடைசியா போன லெட்டர் இது. அந்தக் கம்பெனி தமிழ் மீடியம் பசங்களுக்குத்தான் ஆள் தேடுனாங்க, அதனால தமிழ்லயே எழுதுனாங்க.

"வணக்கம்.

மேல்நிலைக் கணிதத்துக்கு நீங்கள் அறிவித்துள்ள கன்டென்ட் ரிவ்யூ, ஆன்லைன் டியூஷன் ஆகிய இரண்டு வேலைகளுக்கும் விண்ணப்பிக்கிறேன். முதல் விருப்பம் ரிவ்யூ.

அரசு மேல்நிலைப் பள்ளிகளில் முதுகலை ஆசிரியராகக் கணிதம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம்களில் உதவித் தேர்வாளர், கூர்ந்தாய்வு அலுவலர், முதன்மைத் தேர்வாளர் ஆகிய மூன்று நிலைகளிலும் இருந்திருக்கிறேன். கடைசி இரண்டு நிலைகளிலும் என் வேலை, மற்றவர் திருத்தியதைச் சரிபார்ப்பதும், விடைக்குறிப்பில் இல்லாத வழியில் மாணவர் செய்த கணக்கு சரியா என்று தீர்மானிப்பதும்.

நான் எப்படிச் சரிபார்ப்பேன் என்பதற்கு ஒரு பக்கம் இணைத்துள்ளேன். ப்ளஸ் ஒன் மடக்கைக் கேள்வி ஒன்று. அதில் கொடுத்திருந்த விடை தவறு. அதைவிட, மூன்று தவறான விருப்பங்கள் எந்த மாணவரும் எட்டாத எண்கள். மாணவர்கள் உண்மையில் செய்யும் மூன்று பிழைகளிலிருந்து புதிய விருப்பங்கள் தந்துள்ளேன். கேள்வி நானே எழுதியது.

பணியில் இருந்தபோது விதிப்படி தனி டியூஷன் எடுக்கவில்லை. பள்ளியில் மாலைச் சிறப்பு வகுப்புகளில் சிறு குழுக்களுக்கு எடுத்திருக்கிறேன். தாளவாடி மலையில் வீட்டில் கன்னடம் பேசும் பிள்ளைகளுக்குக் கணிதம் எடுத்தபோது, ஒரு படியை நான் எழுதி அடுத்த படியை அவர்களை எழுத வைப்பதே என் முறை. ஆன்லைனிலும் அப்படியே எடுப்பேன். பத்து நிமிட மாதிரி வகுப்பு வீடியோவின் லிங்க் கீழே உள்ளது.

தமிழ், ஆங்கிலம் இரண்டு மீடியத்துக்கும் எடுத்திருக்கிறேன். பேனா டேப்லட், இன்வெர்டர், மாற்று இணைய வசதி உண்டு. காலை 10 முதல் 1 வரை ரிவ்யூ வேலைக்கும், மாலை 6.30 முதல் 9 வரை வகுப்புக்கும் நேரம் ஒதுக்க முடியும். ஞாயிறு வகுப்பு எடுக்க இயலாது. பணிச் சான்றில் உள்ள ஓய்வுத் தேதிக்குப் பிறகும் கல்வியாண்டு முடியும் வரை மறுநியமனத்தில் பாடம் எடுத்தேன்.

சோதனைக்கு ஒரு ஃபைல் அனுப்பினால் மூன்று நாளில் திருப்பித் தருகிறேன்.

நன்றி."

அவ்வளவுதான், ஒரு பக்கத்துக்குள்ள. அப்பா பேரு, பிறந்த தேதி, ஆதார் எதுவும் இல்லை, ஆதார் நகலை மொத மெயில்லயே அனுப்ப வேண்டிய அவசியமே கெடையாது. நூறு சதவீதத் தேர்ச்சியை எடுத்துட்டோம், டீச்சருக்கு அதுல கொஞ்சம் வருத்தம்தான், ரெஸ்யூமேல ஒரு வரியா வச்சுக்கலாம்னு சொல்லிச் சமாதானம் பண்ணேன். ரெண்டு வேலைக்கும் ஒரே லெட்டரா, தனித்தனியான்னு அவங்க கேட்டாங்க. ஒரே கம்பெனி, ஒரே மெயில் ஐடின்னா ஒரே லெட்டர் போதும், ஆனா எதுக்கு மொதல் விருப்பம்னு சொல்லிரோணும், ரெண்டுக்கும் தனித்தனி பத்தி, தனித்தனி சான்று, ரிவ்யூவுக்கு அந்த ஒரு பக்கம், டியூஷனுக்கு வீடியோ. விண்ணப்பத்தோட பதிவுக் கட்டணம், ட்ரெய்னிங் டெபாசிட்னு காசு கேட்டா அந்தப் பக்கமே போக வேண்டாம்னும் சொன்னேன், வேலை குடுக்கறவங்கதான் நமக்குக் காசு தரோணும்.

கம்பெனியில இருந்து ஃபோன் வந்துச்சு. பேசினவரு மத்ததெல்லாம் விட்டுட்டு நேரா அந்த லாக் கணக்குக்கு வந்துட்டாராம். "மேடம், ஆப்ஷன் நல்லா இருக்கு, ஆனா பையன் கணக்கே போடாம 5, 4, 3-ன்னு ஒவ்வொண்ணா கேள்வியில போட்டுப் பாத்தே 4-ஐக் கண்டுபிடிச்சிருவானே"ன்னு கேட்டிருக்காரு. நல்ல கேள்வி, நானா இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். டீச்சர் சொன்னது: "ஆமாங்க, கண்டுபிடிச்சிருவான், போட்டுப் பாத்துச் சரிபாக்கறதும் அவன் பழகோணும்னா இந்தக் கேள்வி இப்படியே இருக்கட்டும். நிபந்தனை தெரியுமான்னு மட்டும் சோதிக்கோணும்னா, x எவ்வளவுன்னு கேக்காதீங்க, இந்தச் சமன்பாட்டுக்கு எத்தனை தீர்வுன்னு கேளுங்க. ஆப்ஷனா 0, 1, 2, 3 குடுங்க. −2-ஐக் கழிக்கத் தெரியாதவன் நேரா 2-ல போய் விழுவான், அங்க போட்டுப் பாக்கறதுக்கு எண்ணே கெடையாது."

அடுத்த நாள் சோதனை ஃபைல் வந்திருச்சு, நாற்பது கேள்வி. கேள்விக்கு இவ்வளவுன்னு ரேட் சொல்லியிருக்காங்க. மணிக்கணக்குக் கேளுங்கன்னு நான் சொல்லியிருக்கறேன், ஏன்னா வெக்டர்ல ஒரு கேள்வியைப் பாக்கறதுக்கு நிகழ்தகவுல நாலு கேள்வியைப் பாத்துரலாம், எண்ணிக்கைக்குக் காசுன்னா கஷ்டமான கேள்விக்குத்தான் அவசரம் வரும். டீச்சர் இன்னும் அதைப் பேசலை, மொதல்ல ஃபைலை முடிச்சுக் குடுத்துட்டுப் பேசிக்கறேன்னுட்டாங்க.